அவளுக்கு மட்டும் இலவச வக்கீல்

குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டு உரிமையாளர் எங்கள் மீது வழக்குப் போட்டிருந்தார். இலவச வக்கீல் கேட்டு, ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தும் சட்ட உதவி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தையல் கடையில் நான் வாங்கும் சம்பளத்தையும் என் கணவர் வேன் ஓட்டிச் சம்பாதிப்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டதாம். தகுதியில்லை என்ற கடிதத்தோடு திரும்பும்போதுதான் என் தங்கையைப் பார்த்தேன். ஒரு பெண் வக்கீல் அவளைத் தன் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். தங்கை என்னைக் கவனிக்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அவள் பிறந்ததிலிருந்தே கொடுத்து வைத்தவள். அம்மாவின் செல்லம் அவளுக்கு. இன்ஜினியர் மாப்பிள்ளை, மாடி வீடு, கார் எல்லாம் அவளுக்கு. எனக்கு இல்லை என்ற வக்கீலும் அவளுக்கா? கார் எங்காவது இடித்து வழக்கு வந்திருக்கும். வேலைக்குப் போகாதவள் என்று சொல்லி, புருஷன் சம்பளத்தை மறைத்திருப்பாள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அவள் மேல் ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். அவள் புருஷனின் வேலை, சம்பளம், காரின் நிறம் வரை ஒன்றையும் விடவில்லை. அந்த வக்கீலை அவளிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மனு வாங்கும் பெண் அலுவலர் அதைப் படித்து முத்திரை குத்தி, எண் போட்டார். யாருக்கு உதவி கொடுக்கிறோம் என்று வெளியே சொல்ல மாட்டோம், ஆனால் விசாரிப்போம், பொய் சொல்லியிருந்தால் வக்கீலை நிறுத்திவிடுவோம் என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது.

"என் புருஷன் சம்பளத்த மட்டும் சேத்தீங்களே, மத்தவங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாதா?" என்று விடாமல் கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தாம்மா. பொதுவா சொல்றேன், ஒருத்தங்க புருஷன் மேலயே கேஸ் போட்டா, அவரோட சம்பளத்த சேக்க மாட்டோம். அவரையே எதுத்து நிக்கறவங்களுக்கு அந்தப் பணம் எப்படிக் கிடைக்கும்?"

தங்கை வெயிலிலும் முழங்கை மறையச் சட்டை போட்டிருந்தது இப்போதுதான் உறைத்தது. காகிதத்தைத் திருப்பிக் கேட்டேன். பதிவு செய்ததைத் தரமுடியாது, அவர்கள் மேல் தப்பு இல்லையென்றால் விசாரணையை அதோடு முடித்துவிடுவோம் என்றார்.

"யார் எழுதினதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"பேர் சொல்ல மாட்டோம். ஆனா இவ்வளவு விவரம் இருந்தா, வீட்டு ஆள்னு அவங்களுக்கே புரிஞ்சுடும்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அழுது வீங்கிய முகத்தோடு வந்த தங்கை என்னைப் பார்த்து நின்றாள். பிறகு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லலையேக்கா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றவள், வக்கீலிடம் திரும்பி, "எங்க அக்கா. எனக்காக வந்திருக்கா" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வக்கீல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கூடப் பிறந்த என்னிடம் சொல்லாததையெல்லாம் இவளிடம் சொல்லியிருக்கிறாளே என்று, அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.