பிறர் பெயருக்கு மாற்ற இயலாது

ஆடிட்டருக்குக் கெடு என்றால் உயிர். ஊரில் பாதிப் பேர் வரிக் கணக்கைக் கடைசி நாளில் கொண்டுவந்துதான் அவர் மேஜையில் கொட்டுவார்கள். அவரும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கெடு வைக்கறது எதுக்கு, மீறறதுக்கா?" என்று கால் மணி நேரமாவது நிற்கவைத்துத் திட்டிவிட்டுத்தான் கோப்பைத் திறப்பார். எந்தச் சட்டப் பிரிவின் எந்த வரியில் தப்பிக்கச் சந்து இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. கட்டுப்படாத வாடிக்கையாளர்களிடம், "சின்ன எழுத்துல இருக்கறதைப் படிக்காம கையெழுத்துப் போடறவன் பெரிய எழுத்துல அழுவான்" என்று சொல்வார். தன் வாக்கை அவரே அடிக்கடி மெச்சிக்கொள்ளவும் செய்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கே மாப்பிள்ளை கெடு வைத்துவிட்டான் என்பதுதான் விவகாரம்.

ஒரே மகள், விமானத்தில் ஒரு ராத்திரி முழுக்கப் போகும் தூரத்தில் குடும்பம் நடத்துகிறாள். அவள் பிரசவத்துக்கு ஆடிட்டரும் மனைவியும் போவதாக ஏற்பாடாகி, ஐந்து வருட விசாவும் வாங்கி, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. புறப்பட இரண்டு வாரம் இருக்கையில் மாப்பிள்ளை செய்தி அனுப்பினான்: "மாமா, மூணு வாரம்னா சரியா இருக்கும். அப்புறம் எங்க அம்மா அப்பா வர்றாங்க. ஒரே ரூம்தான்." படித்தவுடன் ஆடிட்டருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "எனக்கே கெடுவா?" என்றார். அன்று சாயங்காலமே இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்தார். பணம் திரும்பாத டிக்கெட்டானதால், விமான நிறுவனம் அதற்குப் பதில் இரண்டு வவுச்சர் அனுப்பியது. ஒன்று அவர் பெயரில், இன்னொன்று மனைவி பெயரில்.

மாப்பிள்ளை தானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கும்வரை அந்த வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை என்று சபதம் செய்தார். அதில் ஒரே ஒரு சிக்கல், சபதத்தை மாப்பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை. மாமாவுக்குத் தணிக்கை வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இப்படியாகப் பேத்தி பிறந்து, கவிழ்ந்து, தவழ்ந்து, பத்து மாதமும் ஆகிவிட்டது. ஆடிட்டரின் மனைவி அவளைக் கைபேசித் திரையில்தான் பார்த்தாள். குழந்தை திரையைத் தட்டும்போது இவளும் இந்தப் பக்கம் விரலை வைப்பாள். ஆடிட்டர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார், பார்த்ததை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. வவுச்சர்கள் இன்னும் பத்து நாளில் காலாவதியாகும் என்றது.

"பொய். ரத்து பண்ணி ஒரு வருஷம் ஆக இன்னும் ஒண்ணரை மாசம் பாக்கி இருக்கு" என்று ஆடிட்டர் காலண்டரைத் திருப்பினார். பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு நேரே விமான நிறுவனத்தின் நகர அலுவலகத்துக்குப் போனார். டோக்கன் எடுத்து, நூலில் கட்டிப்போட்ட பேனா ஆடும் கவுண்டரின் முன்னால் உட்கார்ந்தார். உள்ளே இருந்த பெண்மணிக்குக் குரல் உயரவே உயராது. எத்தனை பேர் கத்தினாலும் அதே சுதியில் பேசுவாள்.

"ரத்து பண்ண தேதியிலேர்ந்து கணக்கு இல்ல சார். முதல் டிக்கெட் எடுத்த தேதியிலேர்ந்து ஒரு வருஷம்."

"சரி, என் வவுச்சரை என் ஆபீஸ் பையனுக்குக் குடுக்கறேன். அவன் எங்கேயாவது போயிட்டு வரட்டும்."

"முடியாது சார். வவுச்சர் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பறக்கணும்."

"அப்ப ரெண்டையும் சேர்த்து என் ஒருத்தன் டிக்கெட்டுக்குப் போடுங்க."

"அம்மா வவுச்சர் அம்மாவுக்கு மட்டும்தான் சார்."

இருபத்தெட்டு வருட தாம்பத்தியத்தில் 'அம்மாவுக்கு மட்டும்' என்று ஒரு பொருள் இருப்பதை ஆடிட்டர் அன்றுதான் கேள்விப்பட்டார். மனைவி கைப்பையை மட்டும் சற்று நேராக வைத்துக்கொண்டாள்.

"கெடுவுக்குள்ள பறக்கணுமா, புக் பண்ணாப் போதுமா?"

"புக் பண்ணாப் போதும் சார். அப்புறம் எப்ப வேணா பறக்கலாம், எங்க அட்டவணை எதுவரைக்கும் திறந்திருக்கோ அதுவரைக்கும்."

ஆடிட்டரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சந்து தெரிந்துவிட்டது. ஒன்பது மாதம் தள்ளி ஒரு தேதிக்கு இப்போது டிக்கெட் போடுவது, பிறகு சாவகாசமாக ரத்து செய்வது. ரத்து செய்தால் புது வவுச்சர் வரும், புது வவுச்சருக்குப் புது வருடம். காசும் போகாது, மாப்பிள்ளை வீட்டுக்கும் போகவேண்டாம். பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது. கடைசி நாளன்று மறுபடி மனைவியோடு வந்து, இரண்டு வவுச்சரையும் கொடுத்து, கட்டண வித்தியாசத்தைக் கட்டி, மகள் ஊருக்கே டிக்கெட் போட்டார்.

"சார், ஒண்ணு சொல்லணும். இந்த டிக்கெட்டைப் பின்னால ரத்து பண்ணினீங்கன்னா..."

"எனக்குத் தெரியும்மா. நான் விதிமுறையிலேயே குப்பை கொட்டறவன்" என்று எழுந்துவிட்டார். வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியிருக்கிறார் என்று காவலாளி வேறு சைகை காட்டினான். அவர் வண்டியை நகர்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மனைவி இன்னும் கவுண்டரில் பேசிக்கொண்டிருந்தாள். பொம்பளைகள் இரண்டு பேர் சேர்ந்தால் அரட்டைக்குக் கேட்கவா வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் போயிற்று. புது வவுச்சரை எத்தனை தள்ளி வாங்குகிறோமோ அத்தனை லாபம் என்று அவர் பொறுமையாகத்தான் இருந்தார். அந்தப் பொறுமையில் மாப்பிள்ளை மண்ணைப் போட்டான்: "மாமா, டிக்கெட் போட்டாச்சாமே. எவ்வளவு நாள் இருக்கப் போறீங்க?"

ஆடிட்டருக்கு மறுபடி காது மடல் சிவந்தது. "இன்னும் காலே வைக்கலை, அதுக்குள்ள எவ்வளவு நாள்னு கேக்கறான் பாரு" என்றபடி மடிக்கணினியைத் திறந்தார். முன்பதிவு எண்ணைப் போட்டார். திரையில் அவர் பெயர் மட்டும்தான் வந்தது. இணையதளத்தின் லட்சணம் அவ்வளவுதான் என்று முனகிவிட்டு, 'விதிமுறைகளைப் படித்தேன், ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டு ரத்து பட்டனை அமுக்கினார். ஊருக்கு உபதேசம் செய்யும் வாய், கட்டத்தைக் கண்டால் மௌன விரதம் பூண்டுவிடும் போலிருக்கிறது.

ஐந்து நிமிடத்தில் புது வவுச்சர் வந்தது. தொகை சரியாக இருந்தது. காலாவதித் தேதி இரண்டு வாரத்துக்கு முந்தையது.

அலுவலகத்துக்குப் போன் போட்டார். அதே பெண்மணி, அதே சுதி.

"வவுச்சரை வச்சு எடுத்த டிக்கெட்டை ரத்து பண்ணினா, பணம் பழைய தேதியோடதான் திரும்பும் சார். தேதி புதுசாகாது. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அப்ப செத்த குழந்தைக்கு ஜாதகம் எழுதி அனுப்பியிருக்கீங்க."

"விதிமுறை ஏழாவது பக்கத்துல இருக்கு சார்."

எப்போதும் தான் பிறரிடம் சொல்லும் இந்த மாதிரி வாக்கியத்தை வேறொருவரிடமிருந்து கேட்பது அவருக்கு இதுவே முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "போகட்டும். என் ஒய்ஃப் டிக்கெட் என்னாச்சு? லிஸ்ட்ல காணோமே" என்றார்.

"இன்னொரு பயணியோட விவரத்தை நான் சொல்லக் கூடாது சார். அவங்களையே கேளுங்க."

இன்னொரு பயணி உள்ளறையில் கட்டில்மேல் பெட்டியைத் திறந்துவைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னச் சின்ன கம்பளிக் காலுறைகள் ஒரு ஓரமாக அடுக்கியிருந்தன.

"என்ன இது?"

"அன்னிக்கு நீங்க வண்டியை நகர்த்தப் போனப்போ, என் டிக்கெட்டைத் தனியாப் பிரிச்சுத் தரச் சொன்னேன். பிரிச்சுக் குடுத்தாங்க. ஒன்பது மாசம் தள்ளி இருந்ததை இந்த வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்கிட்டேன். கூட ஆன காசை நான் சேர்த்து வச்சதிலேர்ந்து கட்டிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா என்னோடதையும் சேர்த்து ரத்து பண்ணியிருப்பீங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "குழந்தை பிடிச்சுக்கிட்டு நிக்கறா இப்போ. கையை விட்டா நடந்துடுவா. அப்புறம் அது திரும்ப வருமாங்க? அதுக்கு யாராவது வவுச்சர் குடுப்பாங்களா?"

"அவன் எவ்வளவு நாள்னு கேக்கறான்."

"லீவு போடறதுக்குக் கேக்கறார். உங்களைச் சுத்திக் காட்டணுமாம். நீங்க அவர்மேல கோபமா இருக்கீங்கன்னே அவருக்குத் தெரியாது. ஒரு வருஷமா தனியா சண்டை போட்டுட்டு இருக்கீங்க."

ஆடிட்டர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். காலுறை ஒன்றை எடுத்தார். அவருடைய கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருந்தது. அவமானமாக இருந்தது அவருக்கு. பணம் போனதற்கல்ல, அதற்குத் துக்கம் கொண்டாட அவருக்கு வேறு நாள் இருந்தது. ஒரு வருடத்தைக் காலாவதியாக்கியது தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கெடுவை எந்த மின்னஞ்சலும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் டோக்கன் அவருடையது.

"வெள்ளிக்கிழமை விமானத்துல இடம் இருக்கா?"

"இருக்கு சார். ஆனா கடைசி நேரக் கட்டணம்." திரையைத் திருப்பிக் காட்டினாள். காலாவதியான வவுச்சரைப் போல மூன்று மடங்கு இருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். "திரும்பி வர்ற தேதி சார்?"

"என் ஒய்ஃப் என்னிக்கு வராங்களோ அன்னிக்கு."

"அது இன்னொரு பயணியோட..."

"தெரியும், தெரியும்" என்று அங்கேயே கைபேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

"நீ என்னிக்குத் திரும்பறே?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"நானும் வரேன். குழந்தையைப் பார்க்கணும் போல இருக்கு." வரிசையில் நின்ற ஒரு அம்மாள் சிரித்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. மறுமுனையிலிருந்து தேதி வந்தது. கூடவே, "உங்க துணியையும் எடுத்து வைக்கறேன்" என்றாள்.

பெண்மணி விதிமுறைத் தாள்களை நீட்டினாள். ஆடிட்டர் ஏழு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். பின்னால் இருந்தவர்கள் இருமினார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், அவர் அசையவில்லை.

"சார், இன்னும் கொஞ்சம் கூடக் குடுத்தீங்கன்னா, ரத்து பண்ணினா முழுப் பணமும் திரும்பற டிக்கெட் இருக்கு. உங்களுக்கு அதுதான் சரியா வரும்னு நினைக்கறேன். போடட்டுமா?"

ஆயுள் முழுக்கச் சந்து தேடியே பழகிய மனிதர் கட்டணப் பட்டியலை ஒரு தடவை பார்த்தார்.

"வேண்டாம்மா" என்றார். "திரும்பாததே போடுங்க."