வலது தொட்டி

சமையலறையில் இரட்டைத் தொட்டி வேண்டும் என்று சொன்னது நான்தான். எட்டு வருடத்துக்கு முன் வீட்டைப் புதுப்பித்தபோது மேஸ்திரி ஒற்றைத் தொட்டி போதும் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இடது தொட்டி எச்சில் பாத்திரங்களுக்கு. வலது தொட்டி அரிசி களைய, கீரை அலச, குடிநீர் வடிகட்டும் துணியைக் கசக்க. இரண்டும் கலக்கக் கூடாது. செஞ்சிக் கடைவீதியில் எங்கள் சீரணி மிட்டாய்க் கடைக்கு மூன்று தலைமுறைப் பெயர் உண்டென்றால், அது இப்படிப்பட்ட ஒழுங்கினால் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கோயிலிலிருந்து திரும்பியபோது சமையலறைத் தரை முழுக்க ஈரம். தொட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரிக் கதவின் கீழிருந்து தண்ணீர் வழிந்து வந்துகொண்டிருந்தது. மறுநாள் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பாரணை. மேல்சித்தாமூர் மடத்தில் எட்டு நாள் உபவாசம் இருந்த ஒன்பது பெரியவர்கள், எங்கள் வீட்டில் உண்டு விரதத்தை முடிக்கப் போகிறார்கள். நயினார் என்று அழைக்கப்படும் எங்கள் தமிழ்ச் சமணர்களில் அந்த முதல் உணவை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று நன்றாக யோசித்துத்தான் கொடுப்பார்கள். இந்த வருடம், மடத்துக் காரியங்களைப் பார்க்கும் தரணேந்திரன் எங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் மனைவி பத்மினி.

போன வருடம் அவளுக்குக் காசநோய். ஆறு மாதம் மாத்திரை. எலும்பும் தோலுமாகிவிட்டாள். விழுப்புரத்து டாக்டர் தினமும் இரண்டு முட்டை கொடுங்கள் என்றபோது, "மருந்தா இருந்தாலும் எங்க வீட்டுக்குள்ள அது வராது" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். பத்மினி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பாலும் பச்சைப்பயறும் கொடுத்தோம். தேறினாள். இதை மடத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். பெரியவர்கள் கைகூப்பினார்கள். அப்படி வந்தது இந்தப் பாரணை.

ஆகவே நானே வல்லத்துப் பிளம்பர் பார்த்திபனுக்குப் போன் செய்தேன். அவன் வண்டியை நிறுத்தும்போதே கடையிலிருந்து என் மகன் கோமதேஷும் வந்துவிட்டான்.

"நைனா, இதுக்கெதுக்கு பிளம்பர்? நான் பாத்துக்கறேன். நீங்க கடைக்குப் போங்க."

"உனக்கு பூட்டுல சாவி போடவே வராது. நீ எப்படிப் பாப்ப?"

"இல்ல நைனா, சும்மா ஒரு நட்டுதான்."

"வந்தவர திருப்பி அனுப்பறதா? போயி கடையப் பாரு."

அவன் போகவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றான். பத்மினி அடுப்பருகில் நாளைக்கான பயறை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்திபன் அலமாரியைக் காலி செய்தான். பழைய துணியால் குழாய்களை எல்லாம் நன்றாகத் துடைத்துக் காயவைத்தான். "ஈரமா இருந்தா எங்கருந்து வருதுன்னு தெரியாது அய்யா. எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்." பிறகு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு படுத்தான். "இடது பக்கம் ஒரு சொம்பு ஊத்துங்க."

ஊற்றினேன். ஒன்றும் இல்லை.

"இப்ப வலது."

ஊற்றியதும் அடியிலிருந்து அவன் சிரிப்பது கேட்டது. "தோ, சொட்டுது. கப்ளிங்ல. தொட்டி ஓட்டைல மாட்டி இருக்குதே, அது. அங்கயும் கசியுது, அதுக்குக் கீழ வேஸ்ட் பைப் நட்டுலயும் கசியுது."

"எட்டு வருஷமா ஒழுகாதது இப்ப ஏன் ஒழுகுது?"

"யாரோ தொறந்திருக்காங்க."

"யாரும் தொறக்கல."

"நீங்க சொன்னா சரி. ஆனா இத வந்து பாருங்க."

எழுபத்து நான்கு வயதில் முழங்கால் மடக்கிக் குனிந்தேன். கப்ளிங்கின் மரை மேல் வெள்ளை டேப் தடிமனாகச் சுற்றியிருந்தது. பிளாஸ்டிக் நட்டு மரையில் நேராக ஏறாமல் கோணலாக நின்றது.

"எந்த பிளம்பரும் இங்க டேப் சுத்த மாட்டான். இங்க தண்ணிய நிறுத்தறது டேப்பு இல்ல, உள்ள இருக்கற ரப்பர் வாஷர்." அவன் நட்டைக் கழற்றி வாஷரை விரலில் எடுத்துக் காட்டினான். அது பாதி மடங்கி, மடிப்பு விழுந்திருந்தது. "மடங்கினத அப்படியே வச்சி முறுக்கி இருக்காங்க. நிக்கலன்னதும் ஸ்பேனர் போட்டு பலமா திருகி இருக்காங்க. அதுல மேல இருக்கற கப்ளிங்கும் சேந்து சுத்திக்கிச்சி. அதான் ரெண்டு எடத்துல ஒழுகுது. வேல தெரியாதவன் கை."

கோமதேஷ் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்போன் அணைந்திருந்தது.

பார்த்திபன் வளைந்த வேஸ்ட் பைப்பைக் கழற்றி வாளிக்குள் தலைகீழாகத் தட்டினான். கறுத்த குழம்பு விழுந்தது. சோற்றுப் பருக்கை, பயறுத் தோல். பிறகு வெள்ளையாகச் சில்லுகள். ஒரு கை நிறைய இருக்கும். கழுவப்பட்டு, நொறுக்கப்பட்டு, பைப்பின் வளைவில் தங்கியிருந்தவை.

"இன்னாய்யா இது, முட்டை ஓடு!" என்று சிரித்தான். "நயினார் வீட்லயா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். பிறகு சில்லுகளைச் சகதியோடு சேர்த்துக் கலக்கி வாளியை அலமாரிக்குள் தள்ளினான். "காக்கா எங்கனா கொண்டாந்து போட்டிருக்கும். ஜன்னல் தெறந்திருக்குது பாருங்க" என்றான். கண்ணியமானவன். ஆனால் காக்கை தொட்டிச் சல்லடையைத் தூக்கிவிட்டு முட்டை ஓட்டை நொறுக்கிப் போடாது.

"வேலையப் பாரு" என்றேன்.

அவன் பார்த்தான். தொட்டிக்கு அடியில் இருந்த பெரிய நட்டைக் கழற்றிக் கப்ளிங்கை மேலே தள்ளி வெளியே எடுத்தான். தொட்டி ஓட்டையைச் சுற்றி ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டித் துடைத்தான். புது ரப்பர் வாஷர் போட்டுக் கப்ளிங்கை நேராக உட்காரவைத்தான்.

"அய்யா, மேலருந்து கொறட்ட வச்சி இத அசையாம புடிங்க. நான் கீழ இறுக்கும்போது சேந்து சுத்தக் கூடாது."

பிடித்தேன். முதலில் கையால் இறுக்கினான். பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. "போதும். அதுக்கு மேல போனா ரப்பர் பிதுங்கிடும்." வேஸ்ட் பைப்புக்கும் புது வாஷர் தட்டையாக வைத்தான். அந்தப் பிளாஸ்டிக் நட்டை முதலில் இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, மரை சரியாக விழுந்த பிறகு வலப்பக்கம் ஏற்றினான். "இது கை இறுக்கமே போதும். இதுக்கு ஸ்பேனர் போடறவன்தான் எங்களுக்கு சோறு போடறவன்."

வலது தொட்டியை அடைத்து நிறைய நீர் பிடித்து ஒரே மூச்சில் திறந்துவிட்டோம். இடதையும் அப்படியே. நட்டுகளைச் சுற்றிச் செய்தித்தாளைத் தடவினான். தாள் காய்ந்தே இருந்தது. கூலியை வாங்கிக்கொண்டு, வாளியையும் தானே எடுத்துப் போய்க் கொட்டிவிட்டுப் போனான்.

வண்டிச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தேன்.

"ஜினப்பிரியாவா?" என்றேன். மருமகள் பள்ளிக்கூட வேலைக்குப் போயிருந்தாள். சென்னையில் வளர்ந்தவள். என் சந்தேகம் முதலில் அங்கேதான் போனது. இதை மறைக்க விரும்பவில்லை.

"அவள ஏன் இழுக்கறீங்க?" என்றான் கோமதேஷ். "நான்தான் வாங்கினு வந்தேன். திண்டிவனம் ரோட்ல, நம்மள தெரியாத கடைல. போன வாரம் அடைச்சிக்கிச்சி. பிளம்பரக் கூப்ட்டா தெரிஞ்சிடும்னு நானே தொறந்தேன். மேலாக்க கெடந்தததான் எடுக்க முடிஞ்சிது."

"உனக்கா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அடுப்பருகிலிருந்து பத்மினி சொன்னாள், "எனக்கு."

அப்போதும் அவள் திரும்பவில்லை. பயறில் மிதந்த தோலை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கோயிலுக்குப் போயி வர ஒன்ர மணி நேரம் ஆவும். அதுக்குள்ள அவிச்சி குடுப்பான். மாத்திர முழுங்கின காலத்துல மூணு மாசம் சாப்ட்டேன். குப்பைய நீங்கதான வண்டில கொட்றீங்க, அதனால ஓட்ட நொறுக்கி தொட்டில விட்டோம்."

"வலது தொட்டில."

"இடதுல எச்சில் பாத்திரம் கெடந்துது."

ஐம்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"டாக்டர் கேட்டார். நீங்க என்ன சொன்னீங்க? நான் பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன். என்னப் பாத்துக் கேட்டீங்களா?"

"மடத்துல நான் எழுந்து நின்னு பேசினப்ப நீ கேட்டுக்கினுதான இருந்த? அப்பவாவது சொல்லி இருக்கலாமே."

"அத்தன பேரு முன்னாடி ஒங்கள எப்படிப் பொய்யாக்கறது?" என்றாள். "வேணும்னா இப்ப சொல்லுங்க. நான் வந்து நிக்கறேன். எனக்கு வெக்கம் இல்ல."

எனக்கு இருந்தது. மனைவிக்கும் மகனுக்கும் தெரிந்த விஷயம், வீட்டுத் தலைவனுக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் நான் கைகூப்பி நின்ற நேரத்தில், என் கூரைக்குள் அது வெந்துகொண்டிருந்தது. நான் திரும்பி வந்ததும் அவள் கோயில் சந்தனத்தை வணங்கி இட்டுக்கொண்டு, என் கையால் பால் வாங்கிக் குடித்தாள். "பாலுதான் உன்ன எழுப்பிச்சி" என்று நான் சொன்னபோதெல்லாம் தலையாட்டினாள்.

இந்தச் சமையலறையில் நாளை அந்த ஒன்பது பேருக்குச் சமைக்க முடியாது. அது எனக்குத் தெளிவாக இருந்தது. தரணேந்திரனிடம் காரணம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் பத்மினி ஊர் வாயில் விழுவாள். உடம்பு சரியில்லை என்று சொன்னால் பொய். நான் பொய் சொன்னதில்லை. மடத்தில் சொன்னதுகூட, சொன்னபோது நான் நம்பியதைத்தான் சொன்னேன்.

கோமதேஷைக் கடைக்கு அனுப்பினேன். பிறகு தொட்டிக்கு அடியில் குனிந்தேன். பார்த்திபன் சொன்னது சரி. கை இறுக்கம்தான். பிளாஸ்டிக் நட்டு என் விரல்களுக்கே விட்டுக்கொடுத்தது. ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். எழுந்து வலது தொட்டியின் குழாயைத் திறந்தேன். அலமாரிக்குள் சொட்டு விழும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே போன் செய்தேன்.

"தரணேந்திரா, சமையக்கட்டுத் தொட்டிக்கு அடில தண்ணி ஒழுகுது. நாளைக்கு எங்க வீட்ல முடியாது. வேற வீட்டுக்கு மாத்திடு."

"அய்யோ, இதானா? நான் ஒரு ஆள அனுப்பறேன், அரை மணி நேரத்துல..."

"வேணாம். மாத்திடு."

போனை வைத்துத் திரும்பியபோது பத்மினி வாசலில் நின்றிருந்தாள். அலமாரியை, ஈரத் தரையை, என் நனைந்த விரல்களைப் பார்த்தாள். குழாயை மூடினாள். ஒரு வாளியைக் கொண்டுவந்து நட்டுக்கு நேர் கீழே வைத்தாள்.

"போன் பண்ணியாச்சில்ல. இறுக்கிடுங்க. பாத்திரம் கெடக்குது."

"நாளைக்கு மதியம் வரைக்கும் இறுக்க மாட்டேன்" என்றேன். "அதுவரைக்கும் இது ஒழுகத்தான் வேணும்."

அவள் பாரணைக்கென்று இறக்கி வைத்திருந்த பெரிய பித்தளைத் தவலையில் மற்றப் பாத்திரங்களை அடுக்கி, அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் குழாய்க்கு நடந்தாள். நிறைய பாரம். போன ஆடி மாதத்தில் அவளால் ஒரு சொம்பைத் தூக்க முடியவில்லை.