எல் சைஸுக்கு மட்டும் ஒரு குறிப்பு

திரும்பி வந்த பார்சல்கள் மேசை மேல் குவிந்து கிடந்தன. இருபத்து மூன்று. அத்தனையும் ஒரே கறுப்பு பேண்ட்.

"டேப்பு, இதெல்லாம் உன் எழுத்து பண்ண வேலை" என்றார் முதலாளி. இணையத்தில் விற்கும் உடைகளை அளந்து குறிப்பு எழுதுவது அவள் வேலை. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் அவளுக்கு அங்கே அந்தப் பெயர்தான். "நல்லா இழுபடும், இடுப்பு நூத்தி நாலு வரைக்கும் தாராளமா போகும்னு எழுதினது யாரு?"

"நான்தான். அளந்துதான் எழுதினேன்."

"சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா திங்கக்கிழமை வரவேண்டாம். எழுதறதுக்கு ஆளா இல்ல?"

ஆள் இருந்தது அவளுக்கும் தெரியும். அவருடைய அண்ணன் மகள் ஒரு வாரமாக முன்னறையில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் வாடகை வீடும் போகும். அவள் பார்சல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வாங்கியவர்கள் எழுதியிருந்ததைப் படித்தாள். இடுப்பில் பிடிக்கிறது. முட்டியில் தொங்குகிறது. மாலைக்குள் கணுக்காலில் வந்து சுருள்கிறது. மேலே இறுக்கம், கீழே நீளம். ஒரே உடம்பில் இரண்டு குறை எப்படி வரும்?

முதல் சந்தேகம் மாடல் பெண் மேல். 'மாடலின் உயரம் 168 செ.மீ., அணிந்திருப்பது எம்' என்று போட்டிருந்தது அந்தப் பெண் வாயால் சொன்ன கணக்கு. படம் எடுக்கும் அறைக்குப் போய், "செருப்பைக் கழட்டிட்டு சுவத்துல ஒட்டி நில்லு" என்றாள்.

"என்னக்கா, போலீஸ் மாதிரி?"

"நில்லுடி."

நூற்று அறுபத்தெட்டு. முடிக்கொண்டையை அமுக்கியும் பார்த்தாள், அதே அளவுதான். பேண்டைப் பின்னால் கிளிப் போட்டு இறுக்கினார்களா என்று பழைய படங்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். இல்லை.

"போதுமாக்கா? இல்ல ரத்தமும் எடுக்கணுமா?"

அடுத்த சந்தேகம் தையல் அறை. அளவை ஒடுக்கித் தைத்திருப்பார்கள். திரும்பி வந்த பேண்டை மேசையில் சமமாக விரித்தாள். கவட்டுக்குச் சற்று மேலே, குறுக்கே ஐம்பத்தொன்று. இரண்டால் பெருக்கினால் நூற்று இரண்டு. அவள் பட்டியலில் எல் சைஸுக்கு எழுதியிருந்ததும் அதுதான். கால் நீளமும் சரி. துணி பொய் சொல்லவில்லை, டேப்பும் பொய் சொல்லவில்லை. அப்புறம் யார்?

அப்போதுதான் கவனித்தாள். இருபத்து மூன்றில் ஒன்றுகூட எம் இல்லை. எல்லாம் எல்.

இழுவையை அவள் சோதித்தது மாதிரிக்கு வந்த எம் பேண்டில் மட்டும். குறுக்கே பத்து செ.மீ. குறித்து இழுத்தாள், பதினாலு வந்தது. மற்ற சைஸுக்கும் அதையே போட்டுவிட்டாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஒரே துணிதானே.

சுண்ணக்கட்டியால் எல் பேண்டின் குறுக்கே பத்து செ.மீ. குறித்து இழுத்தாள். பதினொன்றில் நின்றுவிட்டது. மேலிருந்து கீழாகக் குறித்து இழுத்தாள். பதினாலு.

இழுபட வேண்டியது இடுப்பைச் சுற்றி. இதுவோ கால் நீளவாக்கில் இழுபடுகிறது. துணியைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டுவது ஒரே ஆள். அவளுடைய அக்கா புருஷன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"அத்தான், எல் சைஸைக் குறுக்க வெட்டினீங்களா?"

கத்தரி நிற்கவில்லை. "துணி பத்தல. நேரா வெச்சா பாதிதான் வரும். எவன் இழுத்துப் பாக்கப் போறான்?"

"வாங்குறவ இடுப்புல மாட்டிப் பாக்குறா."

"சத்தம் போடாத. 'ஒரு சைஸ் பெருசா எடுங்க'ன்னு ஒரு வரி போட்டுடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவர் சொன்ன வேகமே அவளுக்கு உறுத்தியது. யோசித்துச் சொன்ன பேச்சு இல்லை, தயாராக வைத்திருந்த பேச்சு. அலமாரியிலிருந்து எக்ஸ்எல் ஒன்றை உருவி இழுத்தாள். குறுக்கே பதினாலு. அது நேராக வெட்டியது. ஆனால் சும்மா பெரிதாக எடுக்கச் சொன்னால் எம் வாங்குகிறவளும் எல்லுக்குப் போவாள். சேற்றிலிருந்து காலை எடுத்துக் கிணற்றில் விட்ட கதை.

உட்கார்ந்து எழுதினாள்.

'மாடல் உயரம் 168 செ.மீ., அணிந்திருப்பது எம். எம், எக்ஸ்எல்: இடுப்பைச் சுற்றி நன்கு இழுபடும். எல் மட்டும்: விரித்த அளவு சுற்றி 102 செ.மீ. சுற்றுவாக்கில் மிகக் குறைவாகவே இழுபடும், நீளவாக்கில் இழுபடும். உங்கள் இடுப்புச் சுற்று 98க்கு மேல் இருந்தால் எக்ஸ்எல் எடுங்கள். அணிய அணிய எல் சற்று நீளும்.'

முதலாளி திரையில் 'எல் மட்டும்' என்ற இடம் வரை படித்துவிட்டு நிறுத்தினார். "எல்லுக்கு மட்டும் ஏன் வேற?"

"இழுத்துப் பாருங்க."

அவர் பேண்டைக் கையில் எடுத்து, நேரே நீளவாக்கில் இழுத்தார். எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவே இல்லை. தெரியாதவன் முதலில் இடுப்பைத்தான் இழுப்பான்.

"ஓ" என்றார். அதில் ஆச்சரியம் இல்லை. வாசலில் அத்தான் நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்கள்.

"நானும் எம்மை மட்டும் இழுத்துப் பாத்தேன். அது என் தப்பு" என்றாள். "எல் மேல பழைய குறிப்பு இனிமே இருக்காது. நீங்க படிச்சிட்டிருக்கும்போதே புதுசை இணையத்துல ஏத்திட்டேன்."

"யாரைக் கேட்டு ஏத்தினே?"

"திருப்பி அழிக்கறதுன்னா சொல்லுங்க. ஏன் அழிக்கிறோம்னு அதையும் எழுதிடறேன்."

முதலாளி பேண்டை மடித்தார், மடிப்பு கோணியது, மறுபடி மடித்தார்.

"திங்கக்கிழமை சீக்கிரம் வா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "எல்லா சைஸையும் இழுத்துப் பாத்துட்டு எழுது."

அண்ணன் மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அத்தான் அவளுக்கு வழிவிட்டார். டேப்பு கிளம்பியபோது விடவில்லை. அவள் பக்கவாட்டில் ஒதுங்கித்தான் போக வேண்டியிருந்தது.