சொன்ன தேதியும் எழுதிய தேதியும்

கப்பல்காரர்கள் சொல்லும் தேதியை நான் ஒருநாளும் நம்பியதில்லை. பன்னிரண்டு வருடமாக இந்தக் கம்பெனியில் யார் எப்போது கப்பல் ஏற வேண்டும், யார் இறங்க வேண்டும் என்று அட்டவணை போடுகிறவள் நான். வீட்டில் விசேஷம், கூட நாள் லீவு வேண்டும் என்று கேட்கிறவன் விசேஷத் தேதியைப் பத்து நாள் தள்ளித்தான் சொல்வான். கப்பலிலிருந்து சீக்கிரம் இறங்கப் பார்ப்பவன் பத்து நாள் முன்னால் சொல்வான். அதனால் என் அட்டவணையில் இரண்டு கட்டங்கள் வைத்திருந்தேன். ஒன்றில் அவர்கள் சொன்ன தேதி. பக்கத்தில், நானே பத்து நாள் கழித்தோ கூட்டியோ எழுதிய தேதி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று ஒன்பதாம் தேதி. என் மேஜைக்கு எதிரே மூன்றாம் இன்ஜினியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆபீசில் அவருக்கு மௌனசாமி என்று பெயர். வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் மாதிரிதான் எப்போதும் இருப்பார். கரைக்கு வந்து இரண்டரை மாதம் ஆகிவிட்டது. பன்னிரண்டாம் தேதி விமானம் ஏறி, பதினாலாம் தேதி ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் சேர வேண்டும். அங்கே அதே வேலையில் இருக்கும் மூன்றாம் இன்ஜினியர் இவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். இதுதான் ஏற்பாடு.

"தங்கச்சி கல்யாணம் மேடம். இருபதாம் தேதி. பதினஞ்சு நாள் கூட வேணும்" என்றார். ஒரு மாதமாக மெயிலில் "குடும்ப விசேஷம்" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்த மனிதர், இப்போதுதான் கல்யாணம் என்றே சொல்கிறார்.

இருபது என்றால் பத்து, அதாவது நாளைக்கு என்று மனசுக்குள் கழித்தேன். நாளைக்குக் கல்யாணம் என்றால் பன்னிரண்டாம் தேதி தாராளமாகப் போகலாமே என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அட்டவணையைத் திறந்தேன். கப்பலில் இருப்பவரும் இருபதாம் தேதி வீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். என் கணக்கில் அது முப்பது. ஆறு மாத ஒப்பந்தம் முடிந்தாலும் ஒரு மாதம் கூட வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை இருக்கிறது. அடுத்த துறைமுகம் இருபத்தெட்டில். அங்கே இறக்கினால் போதும்.

"சரி, போங்க. லீவு குடுத்தாச்சு. கப்பல்ல இருக்கிறவரை இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் நிறுத்தி வெச்சுக்கிறேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு, பார்த்துக்கலாம்" என்றேன்.

லீவு கிடைத்தவன் குதிப்பான். இவருக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"வேணாம் மேடம். நானே பன்னிரண்டாம் தேதி போயிடறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன விளையாடறீங்களா? ஒரு மாசமா லீவு லீவுன்னு உயிரை வாங்கிட்டு, குடுத்தா வேணாங்கறீங்க!"

அவர் பதில் சொல்வதற்குள் கதவு படாரென்று திறந்தது. அவரோடு வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"இவன் சொல்ல மாட்டான், நான் சொல்றேன் மேடம். நான்தான் கல்யாணப் பொண்ணு. நீங்க இருபத்தெட்டு வரைக்கும் நிறுத்தி வெக்கப்போறீங்களே, அவர்தான் மாப்பிள்ளை!"

அட்டவணையில் இரண்டு பெயர்களையும் மறுபடி பார்த்தேன்.

"அண்ணனை ஏத்தினா கல்யாணத்துக்கு அண்ணன் இல்ல. ஏத்தலைன்னா மாப்பிள்ளையே இல்ல. நான் யாரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கல்யாணம் பண்றது?"

"அதை முதல்லயே எழுதறதுக்கு என்ன?" என்று மௌனசாமியிடம் கத்தினேன்.

"எனக்குப் பதிலா வேற ஆளை அனுப்புவீங்கன்னு நெனச்சேன். சொன்னா, ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு நாடகம் ஆடறோம்னு நெனச்சுடுவீங்களோன்னு..." என்று தரையைப் பார்த்தார்.

நினைத்துத்தான் இருப்பேன். பன்னிரண்டு வருடத்தில் இரண்டு பேர் நிஜத் தேதியைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரையுமே நான் பொய்யராக்கி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்குள் ஏறுகிறவர், இறங்குகிறவர் பெயர்களைத் துறைமுக ஏஜென்டுக்கு அனுப்பியாக வேண்டும். அப்போது மணி மூன்று. வேறு மூன்றாம் இன்ஜினியர்களைத் தேடினேன். ஒருவர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். ஒருவருக்கு மருத்துவச் சான்று காலாவதி. மூன்றாமவருக்கு அந்த நாட்டு விசா இல்லை. அண்ணனும் தங்கையும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று பொறி தட்டியது. வெளியிலிருந்து மூன்றாம் ஆள் எதற்கு? கப்பலிலேயே நாலாம் இன்ஜினியர் இருக்கிறாரே! இரண்டு வேலைக்கும் வேண்டியது ஒரே சான்றிதழ்தான். அவரை ஒரு படி மேலே மூன்றாவதாக ஏற்றிவிட்டு, புதிதாக ஒரு நாலாவதை அனுப்பினால் போதும். நாலாவதுகள் நிறையவே காத்துக்கிடந்தார்கள். விசாவும் கையில் இருந்து, போக வேண்டிய கப்பல் தள்ளிப்போனதால் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு தினமும் போன் செய்கிற ஒருவரும் இருந்தார்.

ஆனால் சீஃப் இன்ஜினியர் சிபாரிசு செய்ய வேண்டும். கப்பலுக்குப் போன் போட்டேன். நாலு முறை அறுந்து ஐந்தாவது முறை கிடைத்தது.

"நாலாவது மூணாவது வேலையைப் பார்ப்பாரா சார்?"

"போன மாசமே மதிப்பீட்டுல எழுதி அனுப்பினேனே, பிரமோஷனுக்குத் தயார்னு! உங்க ஆபீஸ்ல யாராவது எதையாவது படிக்கிறீங்களா?"

திட்டு தேனாக இனித்தது. மதிப்பீட்டைத் தேடி எடுத்து, பக்கத்து அறையில் இருந்த, அந்தக் கப்பலுக்குப் பொறுப்பான சூப்பரின்டென்டென்டிடம் ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. அவர் இரண்டு முறை படித்தார், சீஃபிடம் தானே பேசினார், கையெழுத்துப் போட்டார். பெட்டியோடு காத்திருந்தவர் போனில் போட்ட கூச்சலில் என் காது அடைத்தது. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பெயர்கள் போயின.

"உங்க கப்பல் போச்சு" என்று மௌனசாமியிடம் சொன்னேன். இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. "அடுத்த இடம் எப்போ காலியாகும்னு தெரியாது. மூணு மாசம் ஆகலாம், நாலும் ஆகலாம். அதுவரைக்கும் சம்பளம் கிடையாது."

"பரவாயில்ல மேடம்" என்றார் உடனே. அதுவரை படபடவென்று பேசிக்கொண்டிருந்த தங்கை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினாலாம் தேதி ஏஜென்டிடமிருந்து ஒரு வரி வந்தது. மூன்றாம் இன்ஜினியர் இறங்கிவிட்டார். தினமும் இப்படிப் பத்து வரி படிக்கிறவள்தான் நான். அன்றைக்கு மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்றார், சந்தோஷத்திலும் ஒரு பயம். கம்பெனிக்காரி எங்கே வந்தாலும் கப்பலோடுதான் வருவாள் என்று நினைத்திருப்பார். பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது மௌனசாமி வாசல் வரை வந்தார்.

"மேடம், அடுத்து மூணாவது இடம் எது காலியானாலும் என்னை அனுப்புங்க. மாப்பிள்ளையைக் கூப்பிடாதீங்க. தங்கச்சிகூடக் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"நீங்க எப்போ ரெடி?"

"ஒண்ணாம் தேதி."

மறுநாள் ஆபீசில் அட்டவணையைத் திறந்து ஒன்று என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்திலும் ஒன்று என்றே எழுதினேன்.