சாராள் டீச்சரின் மேல்செட்

செம்பாக்கம் ஏரிக்கரை குடியிருப்பில் தம்போலா ஆட்டம் என்றால் சாராள் டீச்சர்தான் நம்பர் கூப்பிட வேண்டும். தாம்பரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் பதினோரு வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவர். மைக் இல்லாமலேயே அவர் குரல் மூன்றாவது மாடி வரை கேட்கும். "குறை சொல்றவங்க வேலை செய்யமாட்டாங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். இந்தக் கதை நடக்கக் காரணமே அந்தக் கொள்கைதான்.

மூன்று மாதம் முன்பு மிச்சமிருந்த பற்களையும் எடுத்துவிட்டு, போன வாரம்தான் மேலும் கீழும் முழு பல்செட் மாட்டிக்கொண்டார். மாட்டிவிட்ட டாக்டர் ஜெனி தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "புது செருப்பு மாதிரிதான் மேடம். முதல் சில வாரம் அங்கங்க அழுத்தும், புண்ணு வரும். அதுக்குத்தான் நாளைக்கே ஒருதரம் வரச் சொல்றேன். அப்புறமும் எங்க வலிச்சாலும் வந்துடுங்க."

மறுநாள் டீச்சர் போனார். "ஒரு குறையும் இல்லை" என்றார். மேலுதட்டுக்குள்ளே லேசாக முள் குத்துவது போலிருந்தது. அதையெல்லாம் சொல்வதா என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது, மேலுதட்டை ஈறோடு சேர்த்துப் பிடிக்கும் அந்த மெல்லிய சதை இருக்கிறதல்லவா, அதன் அடியில் ஒரு வெள்ளைப் புண். இட்லி சாப்பிடவே கண்ணில் தண்ணீர் வந்தது. மறுநாள் சாயங்காலம் தம்போலா. கிளினிக் அடுத்த தெருவில்தான், ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. ஆனால் அங்கே போனால் "அன்னிக்கே சொல்லலையே மேடம்" என்று கேட்பாளே!

இந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு தோத்தாத்ரி வந்தார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றி மாட்டுகிறவர். மனைவி காமு அவரைத் தன் மிக்ஸி பக்கமே விடுவதில்லை. முகம் ஏன் வாடியிருக்கிறது என்று அவர் விசாரிக்க, டீச்சர் புண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

"இதுக்கு எதுக்கு டாக்டர்? பிளாஸ்டிக்தானே டீச்சர். ஓரத்தை லேசா இழைச்சா சரியாப்போச்சு. என்னோடதை நானே எத்தனை தடவை பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"உங்களுக்கும் பல்செட்டா சார்?"

"எட்டு வருஷமா. ஒரு பயலுக்குத் தெரியாது."

டீச்சர் பாத்ரூம் போய், மேல்செட்டைக் கழுவி, ஒரு கிண்ணத்தில் போட்டுத் துணியால் மூடிக் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பல்லில்லாமல் யார் முன்னாலும் நின்று பழக்கமில்லை.

தோத்தாத்ரி அரத்தை எடுத்தார், பிறகு உப்புத்தாளை எடுத்தார். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை, டீச்சரும் சொல்லவில்லை. முன்பக்க ஓரம் முழுக்க ஒரே சீராக இழைத்து, ஊதி, வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார்.

மாட்டினால், வலி இல்லை! டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று மத்தியானமே வாழைக்காய் பஜ்ஜி போட்டு அவருக்கும் ஒரு தட்டு அனுப்பினார். பஜ்ஜியைக் கடித்தபோது மேல்செட் லேசாக எழும்பி எழும்பி உட்கார்ந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் அது நன்றாகவே ஆடத் தொடங்கிவிட்டது. வாய் திறந்தால் இறங்கியது. நாக்கால் முட்டுக்கொடுத்துக்கொண்டேதான் டீச்சர் கீழ்த்தளத்து ஹாலில் போய் உட்கார்ந்தார். நாற்பது பேர் கையில் டிக்கெட்டோடு காத்திருந்தார்கள். டிக்கெட்டில் உள்ள எல்லா எண்ணையும் முதலில் அடித்து முடிக்கும் ஃபுல் ஹவுஸுக்குப் பரிசு பெரிய ஹாட்பாக்ஸ்.

இருபது, முப்பது எல்லாம் ஒரு மாதிரி ஓடியது. ஐம்பதும் அறுபதும்தான் சிக்கல். ஃபிஃப்டி சொல்லப் பல் உதட்டைத் தொட வேண்டும். சிக்ஸ்டி சொல்லக் காற்று பல்லிடுக்கில் போக வேண்டும். ஆடுகிற பல்லில் இரண்டுமே ஒரே சத்தமாக வந்தது.

"ஷிஷ்டி த்ரீ!"

"ஃபுல் ஹவுஸ்!" என்று காமு எழுந்தாள். "ஃபுல் ஹவுஸ்!" என்று அந்தப் பக்கம் இரண்டாம் மாடி கிருபா எழுந்தாள். காமுவிடம் ஐம்பத்து மூன்று, கிருபாவிடம் அறுபத்து மூன்று.

"டீச்சர், எது? ஃபிஃப்டியா, சிக்ஸ்டியா?"

"ஷிஷ்டி!"

"அதான் எந்த ஷிஷ்டி?"

டீச்சருக்குக் கோபம் வந்தது. கூட்டத்தை அடக்கும் பழைய குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, "ஷி" என்று ஆரம்பித்தார். மேல்செட் வாயைவிட்டு வெளியே வந்து, மேஜையில் ஒருமுறை குதித்து, தம்போலா காய்களுக்கு நடுவே சிரித்தபடி உட்கார்ந்தது.

தோத்தாத்ரி எழுந்து பதறினார்.

"நன்னாத்தானே இழைச்சேன்!"

நாற்பது தலைகளும் அவர் பக்கம் திரும்பின. காமு இடுப்பில் கை வைத்தாள். "அடப்பாவி மனுஷா, உங்களோடதை இழைச்சு இழைச்சுத்தானே ரெண்டு வருஷமா ரசஞ்சாதம் மட்டும் சாப்பிடறேள்? இப்போ டீச்சரோடதையுமா?"

டீச்சர் கைக்குட்டையால் பல்லை மூடி எடுத்துக்கொண்டு, காயை உயர்த்திக் காட்டினார். அறுபத்து மூன்று. ஹாட்பாக்ஸ் கிருபாவுக்கு.

திங்கட்கிழமை காலை கிளினிக்கில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரைக் காமு கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

டாக்டர் ஜெனி மேல்செட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "மேடம், இதை எலி கடிச்சுதா?"

"தானா... தேஞ்சிருக்கும்."

"ஒரு வாரத்துலயா?"

டீச்சர் தலைகுனிந்தார். வராந்தாவில் நிற்கவைத்த எத்தனையோ பிள்ளைகள் இதே மாதிரி குனிந்ததைப் பார்த்தவர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், 'ஒரு குறையும் இல்லை' என்று சொன்ன பொய் உட்பட.

ஜெனி திட்டவில்லை. செட்டின் உள்பக்கம் வெள்ளைப் பசை தடவி, வாயில் அழுத்தி வைத்து எடுத்துக் காட்டினாள். "பசை விலகி செட்டோட ரோஸ் கலர் தெரியற இடம்தான் அழுத்தற இடம். முன்னாடி இவ்வளவுதான் அழுத்தியிருக்கும், அந்தச் சதைக்கு வழிவிடற பள்ளத்துல, ஒரு நூல் அளவு. அதை மட்டும் எடுத்துப் பாலிஷ் போட்டிருந்தா ரெண்டு நிமிஷ வேலை. ஓரம் முழுக்கச் சதையோட ஒட்டி இருந்தாத்தான் காத்து புகாம மேல்செட் நிக்கும். அந்த ஓரமே போச்சு. இப்ப ஆடி ஆடி, பாருங்க, பின்பக்கம் புதுசா ரெண்டு புண்ணு. சொரசொரப்பா இருக்கிறதுல அழுக்கும் பூஞ்சையும் பிடிக்கும்."

"அப்ப வலி போச்சே?"

"அந்த இடத்துல போச்சு. சில நேரம் கடி ஒரு பக்கம் உசரமா இருந்தாக்கூட வேற எங்கயோ புண்ணு வரும். எங்க வலிக்குதோ அங்கதான் காரணம்னு இல்ல மேடம்."

மூன்று நாள் போடாமல் ஈறை ஆறவிட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள். பிறகு ஓரத்தைத் திரும்பக் கட்டி, உள்ளே புது அளவெடுத்து லேபில் ஒரு அடுக்கு போட்டு, அதாவது ரீலைன் செய்து, தந்தாள். பல்லில்லாத அந்த நாட்களில் டீச்சர் வாசல் மணிக்குப் பதிலே சொல்லவில்லை. பால்காரருக்குச் சீட்டு எழுதி ஒட்டினார்.

அந்தத் திங்கட்கிழமையே தோத்தாத்ரியின் முறை வந்தபோது அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"திறங்கோ!" என்றாள் காமு.

ஜெனி உள்ளே பார்த்து நெற்றியைத் தேய்த்தாள். "சார், எட்டு வருஷத்துல உங்க ஈறு எலும்பு சுருங்கிப்போச்சு. அதனாலதான் செட் லூஸாகி உரசுது. நீங்க அதை இழைச்சு இன்னும் லூஸாக்கியிருக்கீங்க. இது இனி செட்டே இல்ல சார், வெறும் சில்லு. புதுசுதான் பண்ணணும்."

"இதையே கொஞ்சம் ஃபெவிக்விக் வச்சு..."

"வேண்டாம்!" என்று மூன்று பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ரீலைன் செய்த செட்டைப் போட்ட மறுநாளே டீச்சர் கிளினிக் வாசலில் நின்றார். ராத்திரி கழற்றி வைத்தவர், காலையில் எழுந்ததுமே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். போட்டுக்கொண்டு வந்தால்தான் அழுத்துகிற இடம் தெரியும் என்று ஜெனி சொல்லியிருந்தாள்.

"சொல்லுங்க மேடம்."

"மேல, இடது பக்கம், பின்னாடி. கொஞ்சம்தான் வலிக்குது." சொல்லிவிட்டு, யோசித்து, சேர்த்துக்கொண்டார்: "கீழேயும் ஒரு இடம். அப்புறம் காபி குடிக்கிறப்ப டக் டக்னு சத்தம் வருது. இன்னும் ரெண்டு குறை இருக்கு, எழுதிக்கிட்டு வந்திருக்கேன்."