முதல் பில்லில் ஒரு குறுக்குக் கோடு

நான்கு மணிக்குள் புது பில் வராவிட்டால் பட்டறைக்காரர் திருப்பதியின் பணம் இந்த மாதம் போகாது. கணக்குப் பிரிவு மேலாளர் வசந்தகுமார் சார் அதைக் காலையிலேயே சொல்லிவிட்டார்.

விராலிமலையை ஒட்டிய அந்தத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் ஷர்லி சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. வேலை நிரந்தரமாவது அடுத்த வாரம் தெரியும். இயற்பியல் படித்தவள். எண்களைக் கண்டு அவளுக்குப் பயமில்லை, மனிதர்களைக் கண்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

திருப்பதி அன்னவாசலில் பட்டறை வைத்திருப்பவர். ஆறு இரும்பு ரேக் செய்து கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். எண்பத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் பில். அந்தப் பில்லில்தான் கோளாறு. வாங்குபவர் முகவரி என்ற இடத்தில் பெங்களூர் தலைமை அலுவலகம் இருந்தது. ஜிஎஸ்டி எண் 29 என்று தொடங்கியது. அது கர்நாடகத்தின் எண். ஆர்டர் கொடுத்தது விராலிமலை கிளை, அதன் எண் 33 என்று தொடங்கும். வெளி மாநிலத்துக்கு விற்றதுபோல வரியையும் ஐஜிஎஸ்டி என்று மொத்தமாகப் போட்டிருந்தார். தமிழ்நாட்டுக்குள் நடந்த விற்பனைக்கு மத்திய வரி ஒன்பது, மாநில வரி ஒன்பது என்று பிரித்துப் போட வேண்டும். ஆர்டரோடு பில் ஒத்துப்போகவில்லை என்று கணினி தள்ளிவிட்டது.

வசந்தகுமார் காலையில் அவருக்குப் போன் போட்டுக் கத்தினார். "பில்லு போடவே தெரியலைன்னா ஒங்களுக்கு எதுக்குங்க ஆர்டரு? அடுத்த ரேக்குக்கு வேற ஆளப் பாத்துக்கிறோம்."

அதன் பிறகு திருப்பதி போனை எடுக்கவில்லை.

ஷர்லி தன் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தாள். மார்ச் கடைசியில் திருப்பதி கேட்டிருந்தார்: "ஜிஎஸ்டி சர்ட்டிபிகேட் அனுப்புங்க மேடம்." அவள் அனுப்பியிருந்தாள். பெங்களூருடையதை. ஒரே பெயரில் இரண்டு கோப்பு, மேலே இருந்ததைத் தொட்டுவிட்டாள். அவர் அதைப் பார்த்து எழுத்து பிசகாமல் பில் போட்டிருக்கிறார்.

சாரிடம் சொல்ல எழுந்தாள். அவர் வேறொருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்துவிட்டாள். அவர் ஓய்ந்ததும் போய் வேறொன்றைச் சொன்னாள்.

"சார், நானே நேர்ல போயி வாங்கிட்டு வாரேன்."

"போ. பழைய பில்லக் குடுத்து கேன்சல் பண்ணச் சொல்லு. கேன்சல் பண்ணதுக்கும் போட்டோ வேணும், புதுசுக்கும் வேணும். நாளைக்கு ரெண்டு பில்லும் வந்து நின்னா யாரு பதில் சொல்றது?"

ஸ்கூட்டியில் முக்கால் மணி நேரம். பட்டறையில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. திருப்பதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. அவர் மனைவி அமிர்தவல்லிதான் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. வெயில்ல வந்திருக்க."

"அண்ணே, பில்ல மாத்திப் போடணும். அட்ரஸ், ஜிஎஸ்டி நம்பர், வரி மூணும். இந்த மாசக் கணக்கு இன்னும் தாக்கல் பண்ணலைல, அதனால இத கேன்சல் பண்ணிட்டு அடுத்த நம்பர்ல புதுசு போட்டாப் போதும்."

"எத கேன்சல் பண்ணச் சொல்ற?"

அவர் பில் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். புது நிதியாண்டுக்காக ஏப்ரலில் தொடங்கிய புத்தகம். எண் ஒன்று. மேலே பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். புத்தகத்தில் தங்கியிருந்த மூன்றாம் நகலிலும் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது.

"மலைக்கு எடுத்துட்டுப் போயி முருகன் காலடியில வச்சு எழுதுனது. கம்பெனி ஆர்டரு, அதுதான் மொத பில்லா இருக்கணும்னு ரெண்டு நாளு மத்த பில்லெல்லாம் போடாம நிறுத்தி வச்சேன். இதுல குறுக்க கோடு போடுங்கிற?"

"வருசத்தோட மொத பில்லும்மா," என்றாள் அமிர்தவல்லி மெதுவாக. "அடிச்சா மனசு கேக்குமா?"

மணி மூன்றாகியிருந்தது. ஷர்லி கைபேசியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அடிக்கலைன்னா பணம் வராதுண்ணே. இந்த மாசம் தவறிரும்."

"வராட்டிப் போகுது. ஒங்க சாரு என்ன சொன்னாரு தெரியுமா? பில்லு போடத் தெரியாதவன்னாரு. பதினோரு வருசமா போடுறேன். அடுத்த ஆர்டரும் கெடையாதாம். நான் இப்ப கோடு போட்டா, ஆமாங்க, தப்பு என் மேலதான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகாது?"

உள்ளே வெல்டிங் நின்றது. வேலை செய்துகொண்டிருந்த இருவரும் காது கொடுப்பது தெரிந்தது.

"தப்பு ஒங்க மேல இல்லண்ணே," என்றாள் ஷர்லி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "என் மேல. நான்தான் பெங்களூர் சர்ட்டிபிகேட்ட அனுப்பிட்டேன்."

திருப்பதி அவளையே பார்த்தார். "அது எனக்குத் தெரியும்மா. போன்ல இருக்குல்ல? ஒங்க சாருக்குத் தெரியுமா?"

அவள் தலை குனிந்தாள்.

"தெரியாது. அதான பாத்தேன். இங்க வந்து காதோட சொல்ற, அங்க தப்பு என் பேர்லயே இருக்கும்."

"ஏங்க, புள்ளைய ஏன்..." என்று தொடங்கிய மனைவியைக் கையமர்த்தினார்.

"இந்தாம்மா பேனா. கோடு நான் போடுறேன். எதுக்காக அடிச்சேன்னு காரணத்த நீ எழுது. ஒங்கையால. மூணு நகல்லயும்."

ஷர்லி பேனாவைப் பார்த்தாள். இதைத்தான் படம் எடுத்து சாருக்கு அனுப்ப வேண்டும். ரத்து செய்த பில்லின் படம் இல்லாமல் புது பில்லை அவர் ஏற்கமாட்டார். எழுதினால் அவர் படிப்பார். எழுதாவிட்டால் திரும்பிப் போய், பார்ட்டி தரமாட்டேன் என்கிறார் என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த வாரம் அவள் வேலை நிரந்தரமாகும். இந்தப் பட்டறைக்கு ஆர்டர் வராது.

மூன்றே கால் ஆகிவிட்டது. பையிலிருந்து அசல் பில்லையும் இரண்டாம் நகலையும் எடுத்துப் புத்தகத்தோடு சேர்த்து வைத்தாள்.

திருப்பதி கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு, சுழியைத் தொடாமல் அதற்குக் கீழிருந்து கோட்டை இழுத்தார். ரத்து என்று எழுதினார். ஷர்லி அதற்கடியில் எழுதினாள்: 'வாங்குபவர் தரப்பில் தவறான ஜிஎஸ்டி சான்றிதழ் அனுப்பியதால் ரத்து. அனுப்பியது நான். ஷர்லி, கணக்குப் பிரிவு.' மூன்று முறை எழுதினாள்.

பிறகு விராலிமலைக் கிளையின் சான்றிதழைக் காட்டினாள். எண்ணை அவர் இரண்டிரண்டாகப் படிக்க, அவள் சரிபார்த்தாள். புது பில் எண் ஐந்து. அன்றைய தேதி. வரி இரண்டாகப் பிரிந்தது, கூட்டுத்தொகை மாறவில்லை. இரண்டையும் படம் எடுத்து மூன்று நாற்பதுக்கு அனுப்பினாள்.

மூன்று நாற்பத்தாறுக்குப் போன் வந்தது.

"ரத்து பில்லுல இருக்கிறது ஒன் கையெழுத்தா?"

"ஆமா சார்."

"காலையிலேயே தெரியுமா?"

"தெரியும் சார். சொல்லப் பயந்துட்டேன்."



"அவருகிட்ட போனக் குடு."

திருப்பதி போனைக் காதில் வைத்தார். "ம். சொல்லுங்க... பரவாயில்லீங்க... இல்லீங்க, அது வருத்தம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்... சரிங்க, அடுத்த ரேக்குக்கு அளவு அனுப்புங்க, பாப்போம்." அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை, ஆனால் தோள் இறங்கியது. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னைக்குப் பணம் போற லிஸ்ட்ல ஏத்தியாச்சு," என்றார் வசந்தகுமார். "புது பில்லோட அசல பத்திரமா கொண்டு வா. அப்புறம், இனிமே எந்தப் பார்ட்டிக்கு எத அனுப்புனாலும் மொதல்ல என்கிட்ட காட்டிட்டு அனுப்பு. ஒவ்வொண்ணையும்."

"சரி சார்," என்றாள் ஷர்லி. அப்படியென்றால் வேலையை விட்டு அனுப்பவில்லை. இனிமே என்ற சொல்லை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.