மெத்தைக் கடைக்குப் போன என் வரி

என் கணவர் யோகேந்திரனுக்கு வேலையே முதல் ஐந்து விநாடிதான். எங்கள் ஊர் லூனாஸ் பக்கத்துக் கடைகளுக்கு, கைப்பேசியில் நெட்டுவாக்கில் ஓடும் குட்டி வீடியோக்கள் எழுதிக் கொடுக்கிறார். "வணக்கம் மக்களே" என்று ஆரம்பித்தால் ஜனங்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களாம். ஒரு கடைக்குப் பத்து முதல் வரி எழுதி, விநாடி பார்த்து வாசித்து, ஒன்பதை அடிப்பார். வீடியோ போட்ட மறுநாள், பார்த்தவர்கள் கணக்கின் கோடு எந்த விநாடியில் சரிந்தது என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவார்.

அது அவர் பாடு என்று இருந்தேன். போன மாதம் ஒரு மெத்தைக் கடை வீடியோ வந்தது. ஒரு பெண், கேமராவை ஒட்டிய முகத்தோடு, "இனிமே உங்க பக்கத்துல படுக்க மாட்டேன்" என்கிறாள். ஏன் என்று தெரிய முப்பதாவது விநாடிவரை காத்திருக்க வேண்டும். மெத்தையில் குழியாம்! அது நான் அடுப்படியில் அழுதுகொண்டே அவரிடம் சொன்ன வரி. ஒரு சொல்கூட மாறவில்லை.

"நூத்துல எழுவது பேரு தள்ளாம நின்னிருக்காங்க லா" என்று என்னிடமே பெருமை வேறு.

அன்றிலிருந்து எல்லாமே சந்தேகம். வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறாரோ? நான் பேசும்போது அவர் உதடு அசைகிறதே, விநாடி எண்ணுகிறாரோ? கேட்டால், "ஒனக்கென்ன பைத்தியமா, பிரேமா?" என்பார்.

இந்த நேரத்தில்தான் மார்பில் கட்டி தட்டுப்பட்டது. கிளினிக் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். சொன்னால் இதுவும் யாருக்காவது முதல் வரியாகிவிடுமோ என்று மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய திங்கட்கிழமை காலை சொன்னேன். வேண்டுமென்றே வளவளவென்று.

"அன்னைக்கு பஸ் லேட்டு. ஃபேக்டரில காஞ்சனா நாசி லெமாக் பொட்டலம் வாங்கியாந்தா. அதுல சம்பல் உப்பு..."

தள்ளிவிட்டுப் போகவில்லை. கைப்பேசியைத் தொடவுமில்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது. கடைசியில் கட்டியைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போனது.

"ஏம்மா இத மொதல்லயே சொல்லல?"

பயந்துபோன எந்தப் புருஷனும் கேட்கிற கேள்விதான். ஆனாலும் இந்தப் பாழும் மனசு நம்ப மாட்டேன் என்றது.

"வா, காடி எடுக்குறேன்." கார் சாவியை எடுத்தார்.

"உங்க போன வீட்லயே வச்சிட்டு வாங்க."

மேசையில் வைத்தார். வாசல்வரை வந்தவர் நின்றார். "பார்க்கிங் காசு கட்ட போன் வேணுமே."

உண்மைதான், அங்கே போனில்தான் கட்ட வேண்டும்; அதற்கான ஆப் அவர் போனில்தான் இருக்கிறது. அவர் கண் கலங்கியிருந்தது. உற்றுப் பார்த்தேன். பதினெட்டு வருடமாகப் பார்க்கிற முகம், ஒன்றும் தெரியவில்லை.

என் போனை எடுத்துக் காஞ்சனாவைத் துணைக்கு வரச் சொன்னேன்.